பிரஷ் கட்டருக்கு எந்த வழியில் பணம் கொடுப்பது?

"பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர் இணையத்தில் புல் வெட்டும் பிரஷ் கட்டர் விற்கிறார்; விலை 14,500 ரூபாய். வங்கிக் கணக்கில் போட்டால் 500 ரூபாய் குறைப்பாராம். கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல். வீட்டில் பார்சலை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதானால் 2,000 ரூபாய் முன்பணம். வாலட்டும் சரி என்கிறார். பொருள் வராவிட்டாலோ, வேறு எதுவோ வந்தாலோ, எப்படிக் கொடுத்த பணம் எனக்குத் திரும்பும்?"

கிரெடிட் கார்டு இருந்தால் அதிலேயே கொடுங்கள். வங்கி வழியில் 14,000, கார்டு வழியில் 14,790. வித்தியாசம் 790 ரூபாய். முன்பின் தெரியாத ஒருவரிடம் முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்கும்போது, அந்த 790 ரூபாயைப் பார்சலுக்குக் கட்டும் காப்பீடாக நினைத்துக்கொள்ளலாம். வேறு சமயமாக இருந்தால் அவர் கேட்கும் 2 சதவீதத்துக்கு நானே மல்லுக்கு நின்றிருப்பேன்.

வங்கியில் கார்டு தகராறுகளைக் கவனிக்கும் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே குழப்பத்தோடு வந்தார்கள். "மூன்று நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே" என்பார்கள். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. 2017 ஜூலையில் வந்த சுற்றறிக்கை அது. ஆனால், உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்ததற்குத்தான் அது பொருந்தும். நீங்களே எண்ணைத் தட்டி, ஓ.டி.பி. போட்டு அனுப்பிவிட்டுப் பொருள் வரவில்லை என்றால் அந்த விதியில் உங்களுக்கு இடமில்லை. யு.பி.ஐ.யில் பணம் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளில் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற 2019 விதியும் இப்படித்தான். அது பரிமாற்றம் கோளாறானால் உதவும். விற்றவர் ஏமாற்றினால் உதவாது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பணம் கைமாறிய பிறகு, விற்றவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கித்தரும் அதிகாரம் நடுவில் யாருக்காவது இருக்கிறதா?

கார்டில் அந்த அதிகாரம் இருக்கிறது. அதன் பெயர் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகிய வலைப்பின்னல்களின் விதிகளில் "பொருள் வரவில்லை", "சொன்னதுபோல் இல்லை" என்ற காரணங்களுக்குத் தனித்தனி இடம் உண்டு. உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். பொருளை ஒப்படைத்ததற்கு ஆதாரம் காட்டவேண்டிய பொறுப்பு அப்போது கடைக்காரர் தலையில் விழுகிறது. டெபிட் கார்டுக்கும் இது உண்டு. ஆனால் அதில் பணம் ஏற்கெனவே உங்கள் கணக்கைவிட்டுப் போயிருக்கும், முடிவு வரும்வரை கைக்காசில் துண்டு விழும். கிரெடிட் கார்டில் சிக்கியிருப்பது வங்கியின் பணம்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 3ஆம் தேதி கார்டில் கட்டினீர்கள், ஜூன் 10க்குள் வரும் என்று எழுதித் தந்தார், வரவில்லை. 11ஆம் தேதி அவருக்கு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதுங்கள்: பொருளை இத்தனை நாளில் அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. பதில் வராவிட்டாலோ, நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தாலோ, ஆர்டர் விவரம், வரும் என்று சொன்ன தேதி, உங்கள் கடிதம் மூன்றையும் இணைத்து வங்கியின் தகராறு படிவத்தில் எழுதிக் கொடுங்கள். இதற்கான கெடு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள்; சில வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரிடம் அதைவிடக் குறைவான நாளையே சொல்கின்றன. ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்தால் உடனே செலவழித்துவிடாதீர்கள். கடைக்காரர் "பார்சல் ஒப்படைக்கப்பட்டது" என்று கூரியர் ரசீதைக் காட்டினால் அது திரும்பக் கழிக்கப்படலாம். அப்படி ரசீது வந்தால் அதில் உள்ள ஊரும் கையெழுத்தும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். நம் எல்லைப்புறத்தில் வேலந்தாவளத்தில் இறக்கிவிட்டு "ஒப்படைத்தாயிற்று" என்று பதிவதற்கு வாய்ப்பு உண்டு.

வேறு பொருள் வந்தால் இன்னும் ஒரு வேலை கூடும். பெட்டியைப் பிரிக்கும்போதே வெளியே ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பொருளைத் திருப்பித்தர முன்வந்ததற்கு எழுத்தில் சாட்சி வேண்டும். இது இல்லாமல் வரும் புகார்களை அப்படியே ஒதுக்கிவிடுவார்கள்.

இத்தனை பாதுகாப்பும் ஒரு சின்ன இடத்தில் கசிந்துவிடும். அந்த இடம்தான் வாலட். கார்டிலிருந்து வாலட்டில் பணம் ஏற்றி, அங்கிருந்து கடைக்காரருக்கு அனுப்பினால், கார்டு வலைப்பின்னலுக்குத் தெரிவது வாலட்டில் பணம் ஏறியது மட்டும்தான். அந்தச் சேவை உங்களுக்குக் கிடைத்துவிட்டது, பிறகு எதற்குச் சார்ஜ்பேக்? அதன் பின் உங்களுக்குத் துணை வாலட் நிறுவனத்தின் சொந்த விதிகள் மட்டுமே. முழு அடையாளச் சான்று தராமல் திறந்த சிறு வாலட் என்றால் இன்னொரு தொல்லை: பணம் திரும்பி வந்தாலும் வாலட்டையே மூடினாலொழிய அதை வங்கிக்கு மாற்ற முடியாது, அந்த வாலட்டை ஏற்கும் கடைகளில் பொருள் வாங்கித்தான் தீர்க்க வேண்டும். மொபைல் ரீசார்ஜுக்கு வாலட் போதும், பிரஷ் கட்டருக்குப் போதாது.

வங்கிப் பரிமாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெஃப்ட், ஐ.எம்.பி.எஸ். இரண்டிலும் பணம் எதிர்க்கணக்கில் விழுந்துவிட்டால், அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் வங்கி அதைத் திருப்ப முடியாது. 500 ரூபாய் தள்ளுபடிக்கு நீங்கள் விலையாகக் கொடுப்பது இதைத்தான்.

யு.பி.ஐ. கார்டுக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் நடுவில் நிற்கிறது. கடைக்காரராகப் பதிந்த கியூ.ஆருக்குக் கொடுத்த பணமானால் "பொருள் வரவில்லை" என்று புகார் செய்ய யு.பி.ஐ. தகராறு முறையில் இடம் இருக்கிறது. தனிநபர் எண்ணுக்கு அனுப்பியிருந்தால் நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்ததைப் போலத்தான். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு: ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்திருந்தால், அந்தக் கியூ.ஆரை ஸ்கேன் செய்து பாருங்கள். தனிநபர் கணக்குக்கு அந்தக் கார்டில் பணம் போகாது. போகவில்லை என்றால் எதிரே இருப்பது தனிநபராகவோ மிகச் சிறிய கடையாகவோ இருக்கும்.

இனி, வீட்டில் பணம் கொடுப்பது. இதைத்தான் எல்லாரும் மிகப் பாதுகாப்பானது என்கிறார்கள், பாதிதான் சரி. பொருளே வராத ஏமாற்றிலிருந்து இது உங்களை முழுமையாகக் காக்கும். பார்சல் வராவிட்டால் பணமும் போகாது. ஆனால் பெரும்பாலான கூரியர்காரர்கள் பணம் வாங்குமுன் பெட்டியைப் பிரிக்க விடுவதில்லை. உள்ளே செங்கல் இருந்தால் "நான் கொடுத்தது மூடிய பெட்டி" என்பார், அதுவும் உண்மைதான். ரொக்கத்துக்குச் சார்ஜ்பேக்கும் கிடையாது. வாசலில் பிரித்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்கும் முறையைப் பெரிய தளங்கள் சில பொருள்களுக்குத் தருகின்றன. அப்படிக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

உங்களிடம் கேட்கப்படும் 2,000 ரூபாய் முன்பணம்தான் எனக்கு உறுத்துகிறது. ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு 14,500 தேவையில்லை. ஐம்பது பேரிடம் தலைக்கு 2,000 போதும். "பொருள் வரும்போதுதானே மீதி" என்ற நம்பிக்கையில் அதைத் தனிநபர் எண்ணுக்கு அனுப்பிவிடுவோம். தொகை சிறியது என்பதால் புகார் செய்ய அலுப்புப்பட்டு விட்டும்விடுவோம். முன்பணம் கொடுத்தே ஆகவேண்டுமானால் அதைக் கார்டில் கொடுங்கள்.

நம் பகுதிக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வரி உள்ள பொருளை விற்று அனுப்புகிறவர், விற்பனை எவ்வளவு சிறியதானாலும், ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருக்க வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. பிரஷ் கட்டருக்கு இல்லை. எனவே எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும், கேரளப் பதிவு 32. gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் வரும். பணம் கேட்கும் கணக்கின் பெயர் அதோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். "சின்ன வியாபாரம், ஜி.எஸ்.டி. எல்லாம் இல்லை" என்று அவர் சொன்னால், கேரளத்துக்கு அனுப்பி விற்க அவருக்கு உரிமையே இல்லை என்று பொருள்.

பணம் போயே போய்விட்டால் முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, எதிர்க்கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் cms.rbi.org.in வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விற்றவர் உண்மையான கடைக்காரர், பழுதான பொருளைத் தந்துவிட்டுக் கைவிரிக்கிறார் என்றால் நுகர்வோர் ஆணையம். முன்பெல்லாம் இதற்குக் கோவைக்கு நடக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட வழிசெய்திருக்கிறது. பாலக்காட்டிலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தோட்ட வேலைக்கு வாங்கிய கருவி என்பதால் உங்களை வணிகர் என்று ஒதுக்கவும் முடியாது. கெடு இரண்டு ஆண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், இருந்தாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேறொன்றைத்தான் முதலில் செய்வேன். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவரைக் கேட்பேன். காலையில் பஸ் ஏறினால் கோவை போய், இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு, ரொக்கமாகவே கொடுத்துவிட்டு மாலைக்குள் தோப்புக்குத் திரும்பிவிடலாம். முகவரி சொல்லாமல் "ஆன்லைன் மட்டும்தான் சார்" என்று அவர் மழுப்பினால், நான்கு வழிகளில் எதிலும் கொடுக்க வேண்டாம்.