சோற்றுக்குப் பதில் சாமை: அளவையும் சர்க்கரையையும் எப்படிக் குறிப்பது?

"அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மதியம் வெள்ளைச் சோற்றை நிறுத்திவிட்டுச் சாமை சமைக்கிறோம். சாப்பிட்ட பின் பார்த்தால் ஒரு நாள் 180, இன்னொரு நாள் 230 காட்டுகிறது. சாமையால் பயன் இருக்கிறதா, இல்லையா? அவருக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எவ்வளவு கொடுக்க வேண்டும், எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?"

சாப்பிடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் இந்த இரண்டு எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 180 வந்த நாளில் முன் அளவு 118 ஆகவும், 230 வந்த நாளில் முன் அளவு 168 ஆகவும் இருந்திருந்தால், இரண்டு நாளும் ஏற்றம் ஒன்றுதான்: 62. அப்படியானால் 230-க்குக் காரணம் காலை உணவோ, விட்டுப்போன மாத்திரையோ, சரியில்லாத தூக்கமோதானே தவிர, மதியத் தட்டு அல்ல. அதனால் முதல் வாய்க்கு முன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை என்று ஜோடியாகப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிட்டால், மெதுவாகச் சாப்பிடுகிறவருக்கு அரை மணி நேரம் கூடப் பிசகிவிடும்.

அடுத்து அளவு. பலர் சறுக்குவது இங்கேதான். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் சுமார் 65 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பெரிதல்ல. 75 கிராம் அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டால் ஏறக்குறைய 58 கிராம் மாவுச்சத்து. அதே 75 கிராம் சாமையில் 49 கிராம். சாமைதானே என்று 90 கிராம் போட்டுவிட்டால் திரும்பவும் 58-க்கே வந்து நிற்கும். சாமையின் நார்ச்சத்து ஓரளவு உதவும், ஆனால் கூடுதலாகப் போட்ட அளவை அது ஈடுகட்டாது.

கப்பாலும் கரண்டியாலும் அளப்பதை விட்டுவிடுங்கள். சிறுதானியம் இழுக்கும் தண்ணீர் நாளுக்கு நாள் மாறும். ஒரே கப்பில் ஒரு நாள் அதிகத் தானியமும் இன்னொரு நாள் குறைவாகவும் இருக்கும். ஒரு சமையல் தராசு போதும். வீட்டுக்கே சேர்த்து 300 கிராம் சாமை வேக வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் வெந்த சாமை 1,050 கிராம். அதாவது மூன்றரை மடங்கு. அப்பாவுக்கு 75 கிராம் தானியம் என்றால் தட்டில் 262 கிராம் வைக்க வேண்டும். அரிசிச் சோறு 300 கிராமுக்கு 850 கிராம் வந்தால் தட்டில் 212 கிராம். அன்றன்றைக்குச் சமைத்ததை வைத்தே கணக்கிடுங்கள். நேற்றைய மடங்கை இன்றைக்குப் போடாதீர்கள். தட்டில் மிஞ்சியதையும் நிறுத்துக் கழித்துவிடுங்கள். 40 கிராம் மிச்சம் வைத்தார் என்றால் அவர் உண்மையில் சாப்பிட்டது 63 கிராம் தானியம்தான். அதைக் குறிக்காவிட்டால், குறைவாகச் சாப்பிட்டதால் இறங்கிய சர்க்கரை சாமையின் கணக்கில் ஏறிவிடும்.

இனி ஒப்பிடுவது. மூன்று மதியங்கள் வழக்கமான வெள்ளைச் சோறே 75 கிராம் அரிசி அளவில், மூன்று மதியங்கள் சாமை அதே 75 கிராம் அளவில். பருப்பும் காய்களும் ஒரே மாதிரி, சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் ஒன்று, சாப்பிட்ட பின் நடைப்பயிற்சி செய்வதாக இருந்தால் ஆறு நாளும் செய்ய வேண்டும். ஏன் மூன்று தடவை? வீட்டு மீட்டருக்கான சர்வதேசத் தர விதியே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை பிசகை ஏற்கிறது. 200 என்று காட்டுவது 175 ஆகவும் இருக்கலாம், 225 ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு நாளை நம்பினால் மீட்டரின் ஆட்டத்தைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

உதாரணமாக ஒரு தாள் இப்படி வரலாம். சோற்று நாட்கள்: 118-லிருந்து 214, 126-லிருந்து 209, 121-லிருந்து 222. ஏற்றம் 96, 83, 101, சராசரி 93. சாமை நாட்கள்: 124-லிருந்து 186, 115-லிருந்து 188, 130-லிருந்து 187. ஏற்றம் 62, 73, 57, சராசரி 64. சாமையின் மிக மோசமான நாள்கூட சோற்றின் மிக நல்ல நாளைவிடக் கீழே இருக்கிறது. இப்படிப் பிரிந்து நின்றால் நம்பலாம். எண்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். பொதுவாக இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழ் என்பது இலக்கு. இந்தத் தாளில் சாமை நாட்களும் அதைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த படி தானியத்தை 60 கிராமாக்கி, அந்த இடத்தைக் காய்களால் நிரப்புவது.

ஏற்றம் குறையவே இல்லையென்றால் முதலில் சமைத்த விதத்தைப் பாருங்கள். குழையக் குழைய வேக வைத்த சாமையும், மாவாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சியும் வேகமாகச் செரித்து சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு "சிறுதானியம்தானே சாப்பிட்டேன்" என்று குழம்புகிறவர்களுக்கு நடப்பது இதுதான். இரண்டாவது, தானியம் தீட்டியதா என்று பாருங்கள். உமி நீக்கியே ஆக வேண்டும், ஆனால் தவிடு போகத் தீட்டிய சாமை பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். தவிடுள்ளது மங்கலாக, சற்றே பழுப்போடிருக்கும். குறிப்பில் 'உதிரி', 'குழைவு', 'கஞ்சி' என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

பிடிக்கவில்லை என்பதையும் எண்ணாகவே எழுதுங்கள். சாப்பிட்டு எழுந்தவுடன் ஐந்துக்கு எத்தனை என்று அவரையே கேளுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் மதிப்பெண் போடக் கூடாது. அதன் பக்கத்தில் மிச்சம் எவ்வளவு, வயிறு உப்பியதா, மூன்று மணி நேரம் கழித்துப் பசித்ததா, மாலையில் என்ன சாப்பிட்டார் என்று குறியுங்கள். நான் அதிகம் கவனிப்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான். மதியம் திருப்தியில்லாமல் எழுந்தவர் நான்கு மணிக்கு நான்கு பிஸ்கட் தின்றால், இரண்டு மணி நேர அளவு அழகாக இருக்கும், இரவு உணவுக்கு முந்தைய அளவு ஏறியிருக்கும். மதிப்பெண் மூன்றுக்குக் கீழேயே நின்றால் அரிசி பாதி, சாமை பாதி என்று தனித்தனியாக வேக வைத்துக் கலந்து கொடுங்கள், அல்லது குதிரைவாலிக்கு மாறிப் பாருங்கள். சூடாகவே பரிமாறுங்கள், ஆறினால் சிறுதானியம் விறைத்துவிடும். உப்பசம் இருந்தால் வாரத்துக்கு மூன்று நாளில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோக இடமுண்டு. 60 கிராமுக்கு இறங்கும் முன் இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எந்தத் தானியம், எவ்வளவு என்பதையும் மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.