பெஞ்சைப் பற்றிச் சிரிக்கலாம், உட்கார்ந்திருப்பவரைப் பற்றி வேண்டாம்

கேள்வி: வேலூரில் மருத்துவமனைக்கு அருகில் டீக்கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பேஸ்புக்கிலும் தினமும் ஏதாவது வேடிக்கையாக எழுதுவேன். "ஒரு டீ வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சைத் தேய்ப்பவர்களுக்கு இனி வாடகை உண்டு" என்று போட்டேன். பலர் சிரித்தார்கள். ஆனால் தினமும் வரும் ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். இனி நகைச்சுவையே எழுதக் கூடாதா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாயை மட்டும் மாற்றுங்கள். சிறு கடைகளுக்குப் பதிவு எழுதிக் கொடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சிரிப்பு யார் மேல் விழுகிறது?

நீங்கள் யார் பெயரையும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள். நீண்ட நேரம் உட்காருபவர்கள் அவர்களில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் "என்னைத்தான் சொல்கிறார்" என்று நினைத்திருப்பார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகிறவர்களாக இருக்கலாம். அதிலும் உங்கள் கடை மருத்துவமனைப் பக்கம். இரண்டு மணி நேரம் உட்காருபவர் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவராகவும் இருக்கலாம், வார்டில் படுத்திருப்பவருக்குத் துணையாக வந்தவராகவும் இருக்கலாம்.

இப்போது அதே பெஞ்சை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் பெஞ்சுக்கு நான்கு கால் இருக்கிறது. ஆனாலும் இந்த இடத்தை விட்டுப் போக அதற்கு மனமே வரவில்லை." நெடுநேரம் உட்காருபவர் இதைப் படித்தால் அவருக்கும் சிரிப்பு வரும், இன்னொரு டீயும் கேட்பார். இடம் உண்மையிலேயே போதவில்லை என்றால் அதை வேடிக்கைக்குள் ஒளிக்காதீர்கள். "மாலை ஐந்து முதல் ஏழு வரை கூட்டம் அதிகம், இடம் விட்டு உதவுங்கள்" என்று கடையில் எழுதி மாட்டுங்கள். மனத்தாங்கலை வேடிக்கையாகச் சொன்னால் அதில் குத்தல்தான் தெரியும்.

கடைக்குள்ளேயே எழுத எவ்வளவோ இருக்கிறது. கத்திரி வெயில் நாளில், "இன்று வெயிலுக்கும் பாய்லருக்கும் போட்டி. பாய்லர் தோற்றுவிட்டது. டீ மட்டும் வழக்கம்போல் சூடு" என்று போடலாம். "மசால் வடை நான்கு மணிக்கு வரும். ஐந்து மணிக்கு வருபவர்களுக்கு வாசனை மட்டும் உண்டு" என்பது வேடிக்கையாகவும் இருக்கிறது, நேரத்தையும் சொல்லிவிடுகிறது.

பொருளை வைத்து எழுதினாலும் ஓரிடத்தில் கவனம் வேண்டும். "சர்க்கரை இல்லாத டீ ஓரமாக நின்று அழுகிறது" என்று எழுதினால் எழுவாய் டீதான், ஆனால் அடி சர்க்கரை நோயாளிக்கு. அந்தப் பொருளைத் தினமும் கேட்டு வாங்குபவர் யார் என்று யோசித்தால் இது தெரிந்துவிடும்.

நம் ஊரைப் பற்றிய பழைய கேலி ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்: நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். கோட்டைக் கோயிலில் 1981ஆம் ஆண்டில் ஜலகண்டேஸ்வரர் திரும்ப எழுந்தருளிவிட்டதால் கடைசி வரி இப்போது பொருந்தாது. கோட்டையைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. ஆனால் அதே வரிசையில் பெண்களின் அழகைக் குறைசொல்லும் வரி ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். கல்லில் தொடங்கிய கேலி அந்த இடத்தில் மனிதர்கள் மேல் தாவிவிடுகிறது. ஊர்ப் பெருமைப் பதிவு என்று அந்த வரிசையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் உங்கள் கடைக்கும் வருவார்கள். அவர்கள் தமிழைத் திக்கித் திக்கிப் பேசுவதைப் போல எழுதுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். அதைச் செய்யவே கூடாது. முன்பின் தெரியாத ஊரில் ஒரு கிளாஸ் டீ கேட்கவே தயங்கி நிற்பவர் அவர். அதற்குப் பதிலாக, "டீ, சாய், சா. எப்படிக் கேட்டாலும் எங்கள் மாஸ்டர் ஒரே மாதிரிதான் ஆற்றுவார்" என்று எழுதுங்கள். உருது பேசும் நம் ஊர்க்காரரும் வங்காளத்துக்காரரும் அதில் தங்கள் சொல்லைப் பார்ப்பார்கள்.

பதிவிடும் முன் ஒரு சோதனை. அந்த வரி யாரை நினைவூட்டுகிறதோ, அவர் கையில் கிளாஸைக் கொடுத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? நாக்கு தயங்கினால் பதிவிடாதீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று துணியவும் வேண்டாம். படம்பிடித்து மற்றவர்களுக்கு அனுப்ப ஒரு நொடி போதும்.

வராமல் போனவரைப் பற்றி: பேஸ்புக்கில் அந்தப் பதிவு இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள். பொதுவில் மன்னிப்புப் பதிவு போட வேண்டாம், அவர் யார் என்று எல்லாரும் தேடத் தொடங்குவார்கள். தெருவில் பார்த்தால், "அன்று நான் எழுதியது தப்பு, கடைக்கு வாருங்கள்" என்று நேரில் சொல்லுங்கள். வந்தால் பதிவைப் பற்றிப் பேசாமல், அவர் வழக்கமாகக் குடிக்கும் டீயைக் கேட்காமலேயே போட்டுப் பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.