50 நிமிடம் தாமதமாக வந்தவரும் பாதியில் எழுந்து வந்தவரும்

கேள்வி: சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு இன்டர்வியூ. காலை 11 மணிக்கு வரச் சொன்னார்கள். எடுப்பவர் வந்தது 11.50-க்கு. ஒரு 'சாரி' கூட இல்லை. நான் பேசப் பேச போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில், "ஏழு வருஷமா ஒரே கம்பெனியா? வேற யாரும் கூப்பிடலையா?" என்று சிரித்தார். "உங்களுக்கு நேரம் இருக்கும்போது சொல்லுங்க சார், வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். நான் செய்தது சரிதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 'சரியா' என்று கேட்காமல் 'சரிதானே' என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடமிருந்து என்ன பதில் வேண்டும் என்பது புரிகிறது. அவர் நடந்துகொண்டது மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாமதம், போன், கிண்டல் என்று மூன்று தனித்தனி விஷயங்களுக்குச் சேர்த்து ஒரே பதிலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. அதிலும் கடைசியில் அவர் கேட்டதுதான் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த நல்ல கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லாமல் வந்துவிட்டீர்கள்.

முதலில் தாமதம். அந்த 50 நிமிடமும் ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்து மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. பதினைந்து, இருபது நிமிடம் ஆனதுமே எழுந்துபோய், உங்களை வரச் சொன்ன எச்.ஆர். ஆளிடமோ ரிசப்ஷனிலோ கேட்டிருக்க வேண்டும்: "11 மணிக்கு வரச் சொல்லியிருந்தீங்க. எனக்கு 1 மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள முடிஞ்சுடுமா, இல்ல வேற நேரம் வெச்சுக்கலாமா?" இதில் குறை சொல்வதாக ஒரு வார்த்தையும் இல்லை. இருபதாவது நிமிடத்தில், எச்.ஆரிடம் சொன்னால் இது தகவல். ஐம்பதாவது நிமிடத்தில், வந்தவர் முகத்துக்கு நேரே சொன்னால் இதே வாக்கியம் புகார். நீங்கள் சொன்னது இரண்டாவது வகை.

கேட்டுவிட்டால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருப்பார், அல்லது முந்தைய ஆளின் இன்டர்வியூ நீண்டிருக்கும், அல்லது அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். எந்தக் காரணமாக இருந்தாலும், காத்திருக்கலாமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். கேட்ட பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், வேறு தேதி கேட்டுவிட்டுக் கிளம்புவதில் ஒரு தப்பும் இல்லை.

சரி, ஆள் வந்துவிட்டார், மன்னிப்பும் கேட்கவில்லை. அதைப் பற்றி நீங்களும் பேச வேண்டாம். அதற்குப் பதில், "நமக்கு எவ்வளவு நேரம் இருக்கு சார்?" என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம் என்று சொன்னால், பள்ளிப் படிப்பிலிருந்து ஆரம்பிக்கும் சுயபுராணத்தை விட்டுவிட்டு நேராக வேலைக்கு வந்துவிடலாம். தாமதமாக வருபவரிடம் பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். 45 நிமிடத்துக்குத் தயார் செய்ததை அப்படியே 15 நிமிடத்தில் திணிக்கப் பார்த்து, முக்கியமானதைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அடுத்தது போன். இதில் என் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், உதவி ஆசிரியர் வேலைக்கு ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தேன். இதழ் அச்சுக்குப் போகும் நாள் அது. அந்த நாளைக் குறித்ததே என் முட்டாள்தனம். அரை மணி தாமதமாக அறைக்குள் போனேன். கடைசி நேரத்தில் அட்டையை மாற்ற வேண்டியிருந்ததால் அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அவர் பேசிக்கொண்டிருந்தார், நான் மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அறை நிசப்தமானது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிச்சுடுங்க சார், நான் இருக்கேன்" என்றார். போனைக் கவிழ்த்து வைத்தேன். "மெய்ப்புப் பார்க்கிறதைச் சொல்லிட்டிருந்தேன். ஒரே ஆள் இரண்டு தடவை பார்க்கிறதைவிட இரண்டு பேர் ஒரு தடவை பார்க்கணும்னு எங்க பழைய ஆபீசில் மாத்தினோம்" என்று ஒரே வரியில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டார். முன்னே சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக்காட்டாமல் முதலிலிருந்து எனக்குப் புரியவைத்துவிட்டார். அவரையே எடுத்தோம். அந்த ஒரு வரிக்காக அல்ல, மெய்ப்பில் கெட்டிக்காரர் என்பதற்காக. ஆனால் அவர் மெய்ப்பில் கெட்டிக்காரர் என்பதே அந்த வரி இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

அவர் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எதிரில் இருப்பவருக்கு நேரம் கொடுக்கும் வாக்கியங்கள்தான். ஆனால் உங்கள் வாக்கியம் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

கீழே பார்த்துக்கொண்டிருப்பவர் எல்லோரும் கவனிக்காதவர்களும் அல்ல. சிலர் லேப்டாப்பில் குறிப்பு எடுப்பார்கள். சிலர் உங்கள் ரெஸ்யூமேயை முதன்முதலாக அப்போதுதான் திறந்திருப்பார்கள். வீடியோ இன்டர்வியூவில் கண் வேறு பக்கம் போவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு திரைக்குத்தான். அடுத்த கேள்வியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் இப்போது சொன்னதிலிருந்து அந்தக் கேள்வி கிளம்பினால், ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே பதில் சொன்னதையே மறுபடி கேட்டால், கேட்கவில்லை. அப்போது, "முன்னமே சொன்னேனே" என்று ஆரம்பிக்காமல் முன்பைவிடச் சுருக்கமாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியதுதான்.

இப்போது அந்தக் கிண்டலுக்கு வருவோம். சிரிப்பைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்த எந்த அக்கவுண்டன்ட்டிடமும் நாணயமான ஆள்கூடக் கேட்கும் கேள்வி: இத்தனை வருடத்தில் வளர்ந்தீர்களா, அல்லது முதல் வருடத்தையே ஏழு தடவை வாழ்ந்தீர்களா? உங்கள் வேலை விவரம் எனக்குத் தெரியாது, ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: "கம்பெனிதான் சார் ஒண்ணு, வேலை மூணு பார்த்திருக்கேன். முதல் இரண்டு வருஷம் வவுச்சர் என்ட்ரியும் பேங்க் ரெக்கன்சிலியேஷனும். அப்புறம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் முழுக்க என் பொறுப்பு. 2023 ஆகஸ்டில் எங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானப்போ அதை டேலியில் கொண்டுவந்தது நான்தான்." இருபது நொடிகூட ஆகாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் வந்ததை அக்கவுண்ட்ஸ் ஆள் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதம் அவர் அலுவலகத்திலும் பலர் தூங்கியிருக்க மாட்டார்கள். போனை அவரே கீழே வைத்திருக்கக்கூடும்.

பதற்றத்தில் ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே சீண்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அக்கவுண்டன்ட்டைச் சீண்டிப் பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் அதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. சோதிப்பவர் சீண்டிவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார். வெறும் முரட்டு ஆள் காத்திருக்க மாட்டார். நீங்கள் வாய் திறக்கும்போதே அடுத்ததை வீசுவார். முதல் ஆளிடம் பதில் சொல்லுங்கள். இரண்டாவது ஆளிடம் சின்னச் சின்னப் பதிலாகச் சொல்லி முடித்துவிட்டு வாருங்கள்.

பேச்சு வேலையை விட்டுவிட்டுச் சாதி, கல்யாணம், குழந்தை என்று போனால், "இந்த வேலைக்கு அது எப்படி சம்பந்தப்படுதுன்னு சொன்னா பதில் சொல்ல வசதியா இருக்கும்" என்று குரல் உயராமல் ஒரு தடவை கேட்கலாம். மறுபடியும் அதே பேச்சு என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அங்கே நானும் உங்களோடு எழுந்திருப்பேன். பெண் வாசகர்களுக்கு இன்னொன்று: பாலியல் நோக்கோடு பேசினால், நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியராக இல்லாவிட்டாலும் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அங்குள்ள உள்புகார்க் குழுவிடம், சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் அன்றே தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் அவர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஆகவே இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். உங்களுக்கு அந்த வேலை இன்னமும் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். அந்த ஆள்தான் உங்கள் நேரடி மேலதிகாரியா என்பது இதில் முக்கியம். அவர் வேறு பிரிவுக்காரர் என்றால் அரை மணி நேர அவமானத்தோடு போயிற்று. மேலதிகாரி என்றால் தினமும் அதைப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், வீட்டாரிடமும் அதையே சொல்லுங்கள். வேண்டும் என்றால் எச்.ஆருக்கு நாலு வரி மெயில் அனுப்புங்கள்: "அன்றைய நேர்காணலை நான் பாதியில் முடித்துக்கொண்டு வந்துவிட்டேன், மன்னிக்கவும். என் ஜிஎஸ்டி அனுபவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது மீதி இருந்தது. வாய்ப்பு இருந்தால், நேரிலோ போனிலோ 20 நிமிடம் பேச விரும்புகிறேன். கணக்குப் பிரிவில் வேறு ஒருவரோடு பேச ஏற்பாடு செய்தாலும் சரி." அவருடைய தாமதம், போன், சிரிப்பு எதுவும் மெயிலில் வர வேண்டாம். அவர் எத்தனை மணிக்கு வந்தார் என்பது எச்.ஆருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஏழு வருடக் கேள்விக்கான அந்த இருபது நொடிப் பதிலை மட்டும் இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடத்திலும் அதைக் கேட்பார்கள். அங்கே இருப்பவர் சரியான நேரத்துக்கு வந்து, காபி கொடுத்து, மரியாதையாகக் கேட்பார்.