‘வேற என்ன விசேஷம்?’

வணக்கம். ஊரில் இருக்கும் அப்பாவிடம் வாரம் இரண்டு முறை பேசுகிறேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழை பெஞ்சுதா, வேற என்ன விசேஷம்? “ஒண்ணுமில்லப்பா, வச்சிடட்டா?” என்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. என்ன கேட்டால் அவர் பேசுவார்?
– வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

‘சாப்பிட்டீங்களா’ மாதிரி ‘ஆ’வில் முடியும் கேள்விக்கு ‘ம்’ போதும். ‘வேற என்ன விசேஷம்’ அப்படி முடியவில்லைதான், ஆனால் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. விசேஷம் என்று சொல்லத் தக்கதை அவரே தேட வேண்டும். கிடைக்காது. அடுத்த கேள்வியை அவருடைய கடைசிப் பதிலிலிருந்தே எடுங்கள்.

“மோட்டார் காயில் போயிடுச்சு, கட்டக் குடுத்திருக்கு” என்கிறார் என்று வையுங்கள். “எவ்வளவு ஆகும்?” என்றால் ஒரு தொகை வரும், பேச்சு முடிந்துவிடும். “புதுசு வாங்கிடுங்க, பணம் அனுப்புறேன்” என்பது அதைவிட மோசம்; அக்கறைதான், ஆனால் அவர் மேற்கொண்டு சொல்ல எதுவும் மிஞ்சாது. “மோட்டார் இல்லாம தண்ணிக்கு எப்படிப்பா சமாளிக்கிறீங்க?” என்று கேளுங்கள். “பக்கத்துக் காட்டுக்காரர் கிணத்துல இருந்துதான் பாய்ச்சுறேன்” என்பார். அவரோடு வரப்புத் தகராறு இருந்தது உங்களுக்கு நினைவிருந்தால், “அவரா குடுத்தாரு! எப்படிச் சம்மதிச்சாரு?” அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

‘ஏன்’ என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். “ஏன் முன்னாடியே பார்க்கல?” என்றால் கணக்குக் கேட்பதுபோல ஆகிவிடும். ‘எப்படி’, ‘அப்புறம் என்ன பண்ணீங்க’, ‘அவரு என்ன சொன்னாரு’ ஆகியவை நடந்ததைச் சொல்ல வைக்கும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் சுலபமானதற்கு மட்டும்தான் பதில் வரும்.

கேட்டபின் பொறுத்திருங்கள். அமெரிக்க வகுப்பறைகளை 1970களில் ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார்; அதை 3 விநாடி ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. ஃபோனில் மட்டும் ஒரு சிக்கல்: பேச்சு நின்றால் “ஹலோ, கேக்குதா?” என்பார்கள். அதனால் ஒரு ‘ம்ம்’ போட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

மூன்று நான்கு கேள்விகள் தொடர்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். நடுவில் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி சொல்லுங்கள்: “இங்கயும் ரெண்டு நாளா லாரித் தண்ணிதான்.” ஒரு வரி போதும், நீட்டினால் பேச்சு உங்களுடையதாகிவிடும், அவர் மறுபடி ‘ம்’ போட ஆரம்பிப்பார்.

இரண்டு பதில்கள் அடுத்தடுத்துச் சுருங்கினால் விட்டுவிடுங்கள். டிவியில் செய்தி ஓடலாம், பக்கத்தில் யாராவது இருக்கலாம். அடுத்த முறை “மோட்டார் வந்துடுச்சா?” என்று தொடங்காமல், “அவரு கிணத்துத் தண்ணி எதுவரைக்கும் பாஞ்சுது?” என்று தொடங்கிப் பாருங்கள்.