முற்றுரிமை விலை: வெட்டுப்புள்ளியில் நின்றுவிடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே வரைபடத்தைப் பற்றியவை: போட்டியில்லாத ஒரே விற்பனையாளர், அதாவது முற்றுரிமையாளர், விலை வைக்கும் படம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: தேவைக் கோடு P = 100 − 2Q, இதில் P விலை, Q விற்கும் அளவு. இன்னும் ஒன்று செய்ய ஆகும் இறுதிநிலைச் செலவு, அதாவது எம்.சி., 20 ரூபாய், நிலைச் செலவு 500 ரூபாய். இன்னும் ஒன்று விற்றால் கூடும் வரவுதான் இறுதிநிலை வருவாய், அதாவது எம்.ஆர்.

எம்.ஆர்., எம்.சி. இரண்டும் வெட்டும் இடத்தில் 20 என்று வருகிறது. விலை 20 ரூபாய் என்று எழுதினேன், மதிப்பெண் தரவில்லை. ஏன்? (மாணவர், மயூர் விகார், டெல்லி)

தரமாட்டார்கள். ஆண்டுதோறும் இதே பிழை வருகிறது. வெட்டுப்புள்ளி எத்தனை விற்பது என்பதை மட்டுமே சொல்லும், விலையைச் சொல்லாது.

தேவைக் கோடு நேர்கோடு என்றால் எம்.ஆர். அதே இடத்தில் தொடங்கி இருமடங்கு சரிவில் இறங்கும்: MR = 100 − 4Q. அதை 20-க்குச் சமன் செய்தால் Q = 20. இனி அந்தப் புள்ளியிலிருந்து நேராக மேலே போய்த் தேவைக் கோட்டைத் தொடுங்கள். அங்கே இடப்பக்க அச்சில் படிப்பதுதான் விலை, 60 ரூபாய். வாங்குபவர் எவ்வளவு தருவார் என்பது தேவைக் கோட்டில்தான் இருக்கிறது, எம்.ஆர். கோட்டில் இல்லை.

இருபதில் ஏன் நிற்க வேண்டும் என்று சந்தேகமிருந்தால் ஒன்று கூட்டிப் பாருங்கள். 21 விற்க விலையை 58-க்கு இறக்க வேண்டும். புதிய ஒன்றில் 58 வருகிறது, பழைய இருபதிலும் தலா 2 வீதம் 40 போகிறது. மிச்சம் 18, அதைச் செய்ய ஆகும் செலவோ 20. பத்தொன்பதிலிருந்து இருபதுக்குப் போகும்போது 22 கிடைத்தது, அதனால் அதுவரை லாபம். 20 பொருளை 20 ரூபாய்க்கு விற்றால் நிலைச் செலவு 500-உம் அப்படியே நஷ்டம். வெட்டுப்புள்ளியில் அளவு, தேவைக் கோட்டில் விலை.

லாபச் செவ்வகம் எங்கே? (மாட்டுங்கா, மும்பை)

நீங்கள் அனுப்பிய படத்தில் சராசரிச் செலவுக் கோடே இல்லையே! அதில்லாமல் லாபத்தைத் தேடாதீர்கள். மொத்தச் செலவு 500 + 400 = 900, சராசரி 45. செவ்வகத்தின் உயரம் 60 − 45 = 15, அகலம் 20, லாபம் 300 ரூபாய். உயரத்தை எம்.சி. கோட்டிலிருந்து அளந்தால் 800 வரும், அதில் நிலைச் செலவு கழியவில்லை.

போட்டியே இல்லையென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைக்கலாமா? (அல்சூர், பெங்களூரு)

வைக்கலாம், வாங்க ஆள் வேண்டுமே. 80 ரூபாய் வைத்தால் விற்பது 10 மட்டும். வரவு 800, செலவு 700, லாபம் 100-தான்.

கடை வாடகை 200 ரூபாய் ஏறினால் முற்றுரிமையாளர் விலையை ஏற்றுவாரா? (செம்பூர், மும்பை)

மாட்டார். வாடகை நிலைச் செலவு, எம்.சி. நகரவில்லை. விலை 60-தான், லாபம் 100-ஆகக் குறையும். நிலைச் செலவு 800-ஐத் தாண்டினால் நாளடைவில் கடையை மூடுவார்.

முற்றுரிமையாளரின் அளிப்புக் கோட்டை எப்படி வரைவது? (கரோல் பாக், டெல்லி)

வரைய முடியாது, அப்படி ஒரு கோடு அவருக்கு இல்லை. தேவைக் கோடு மாறினால் அதே அளவுக்கு வேறு விலை வரலாம்.