வாடகை வீட்டுல பெயிண்ட், ஷெல்ஃப்: ஓனருக்கு என்ன எழுதணும்? கேள்வி பதில்

சேலத்தில் 20 வருஷமாக பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறேன், என் வீட்டு மாடியை வாடகைக்கும் விட்டிருக்கிறேன். அதனால் ரெண்டு பக்கமும் தெரியும், கேளுங்க.

அழகாபுரத்துல ஃப்ளாட். ஹால்ல ஒரு சுவருக்கு நீலம் அடிக்கணும், ரெண்டு ஷெல்ஃப் மாட்டணும். ஓனர் பெரியவர், அங்கிள்னு கூப்பிடுவோம். வாட்ஸ்அப்ல எப்படி எழுதறது?

"கொஞ்சம் பெயிண்ட் அடிச்சுக்கலாமா"ன்னு மட்டும் கேட்டால், எந்தச் சுவர், யார் செலவு, காலி பண்ணும்போது யார் சரி செய்வது என்று எதுவுமே தெரியாமல் அவர் "வேண்டாம்பா"ன்னுதான் சொல்வார். அந்த மூன்றுக்கும் பதிலை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். இந்த மாதிரி:

"வணக்கம் அங்கிள். ஹால்ல டிவி இருக்கிற ஒரு சுவருக்கு மட்டும் வெளிர் நீலம் அடிக்கலாம்னு இருக்கோம். அதே சுவர்ல 3 அடி ஷெல்ஃப் ரெண்டு மாட்டணும், மொத்தம் 8 ஓட்டை வரும். செலவு எங்களோடது, ஆள் வெச்சுத்தான் செய்வோம். காலி பண்ணும்போது ஓட்டையை அடைச்சு பழைய கலரே அடிச்சுக் குடுத்துடறோம். சுவர் இப்ப இருக்கிற போட்டோ அனுப்பியிருக்கேன். சரின்னா ஒரு பதில் போடுங்க அங்கிள். பழைய கலர் நம்பர் தெரிஞ்சா அதையும் சொல்லுங்க."

கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். கலர் நம்பர் இல்லாமல் கண்பார்வைக்கு ஒரு க்ரீம் வாங்கி அடித்தால் பக்கத்துச் சுவரோடு சேராது, அப்புறம் நாலு சுவருக்கும் அடிக்க வேண்டியதாகிவிடும். வெளிர் நீலம் என்று நான் போட்டதும் காரணத்தோடுதான். அடர் நீலத்தை மறுபடி க்ரீம் ஆக்க ப்ரைமரும் கூடுதல் கோட்டும் வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.

போன்ல "செஞ்சுக்கோம்மா"ன்னு சொல்லிட்டார். போதாதா?

போதாது. அன்றைக்கே "நீங்க போன்ல சொன்னபடி அந்த ஒரு சுவரும் ரெண்டு ஷெல்ஃபும் மட்டும் செய்யறோம் அங்கிள், நன்றி" என்று ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். மூன்று வருஷம் கழித்து அவர் மகன் வந்து அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

வெள்ளையடிக்கிறது ஓனர் பொறுப்புன்னு சட்டத்துலயே இருக்கு. நாம எதுக்குங்க கேக்கணும்?

பாதி சரி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனர் பக்கம்தான் வருகிறது. ஆனால் அது பராமரிப்பு. உங்களுக்குப் பிடித்த கலருக்கு மாற்றுவதும் சுவரைத் துளைப்பதும் அதில் சேராது.

நான் கேக்காமயே 6 ஓட்டை போட்டேன், ஒண்ணும் ஆகலயே?

சுவர் நல்லபடி அமைந்தது, அவ்வளவுதான். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் டிரில் வைக்காதீர்கள், வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் தண்ணி பைப் இருக்கும். டிரில் போடும்போது சிவப்புத் தூள் வந்தால் செங்கல், 8 எம்எம் ப்ளக் கெட்டியாகப் பிடிக்கும். சாம்பல் தூள் வந்து, திடீரென்று பிட் வெற்றிடத்தில் விழுகிற மாதிரி உள்ளே போனால் ஹாலோ பிளாக். அதில் சாதா ப்ளக் சுற்றிக்கொண்டே இருக்கும், புத்தகக் கனம் தாங்காது. அந்த வீட்டில் நின்றபடி வைக்கிற ரேக்தான் நல்லது, ஓனரிடம் ஷெல்ஃபுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஏற்காட்டுல வாடகைக்கு இருக்கோம். சுவர்ல கருப்பா பூஞ்சை, பெயிண்ட் உரியுது. நாங்களே அடிச்சுக்கிறோம்னு எழுதலாமாண்ணா?

அவசரப்பட்டு எழுதாதீங்கம்மா. ஈரத்தின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்துவிடும், பழி உங்கள் மேல் வரும். ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ரெண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணி முத்து கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது பெயிண்டுக்கு அனுமதி கேட்காமல் அந்தப் போட்டோவை அனுப்பி, கசிவைச் சரி செய்யச் சொல்லுங்கள். ஷீட்டின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக்குள் இருக்கிற பனி ஈரம், ஜன்னல் திறந்து வைத்தாலே குறையும். கசிவு மொட்டை மாடியிலிருந்தா, பைப்பிலிருந்தா என்பதை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

போன வீட்டுல அட்வான்ஸ்ல பெயிண்ட் காசுன்னு பிடிச்சுட்டாங்க. அது நியாயமா?

அனுமதி கேட்கிற விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள், ஆனாலும் சொல்கிறேன். அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருந்தது, குடிவந்தபோது எடுத்த போட்டோ இருக்கிறதா? ரெண்டையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசலாம்.