15 சிகரட் 5 ஆகியும் மூச்சு வாங்குது

“நாளுக்கு 15 சிகரட். வேப் வாங்கினபிறகு 5தான். குளக்கட்டில சைக்கிள் ஓடேக்க இன்னும் மூச்சு வாங்குது, ஏன்?”

தம்பி, மிச்சமிருக்கிற அந்த 5ஐத்தான் முதல்ல சந்தேகப்படவேணும். எண்ணிக்கை குறைஞ்சா ஒவ்வொன்றையும் ஆழமா, அடிக்கட்டை வரைக்கும் இழுக்கிறது வழமை. அதால புகையில வாற காபன் மோனொக்சைட் மூன்றிலொன்றாக் குறையாது. அது இரத்தத்தில ஒட்சிசன்ர இடத்தைப் பிடிச்சிடும். இதயத்துக்கு இன்னும் மோசம்: 20 பிடிக்கிறவருக்குக் கூடுற மாரடைப்பு ஆபத்தில ஏறக்குறையப் பாதியை நாளுக்கு 1 சிகரட்டே தரும். சிகரட்டுக்குப் பதிலா வேப் வந்தாத்தான் பலன்.

விடியக்காலைச் சிகரட்டை முதல்ல வெட்டுங்கோ. இரவில நிக்கொட்டின் இறங்கிறதாலதான் அது இழுக்குது. எழும்பின உடன வேப்பை எடுங்கோ. ஒரு கிழமைக்குள்ள மற்ற 4ஐயும் நிப்பாட்டுங்கோ. கடைசிச் சிகரட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளிலயே காபன் மோனொக்சைட் இறங்கிடும். வேப்பை அதுக்குப் பிறகு குறைக்கலாம். நெஞ்சு இறுகினா உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.